கொழும்பு வேலை, யாழ்ப்பாணச் சம்பளம்: ஊர் திரும்புவோரிடம் நிறுவனங்கள் கழிப்பது எதை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்காவின் மகன் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தான். கொழும்பில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை. நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வெளிநாட்டில். இவன் செய்யும் வேலை, அவர்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது. கொரோனா முடக்க காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகியது, 2022 இல் எரிபொருள் வரிசை நின்ற காலத்தில் வழக்கமாகிப் போனது. வெள்ளவத்தையில் இரண்டு பேரோடு ஒரு அறையைப் பகிர்ந்துகொண்டு, அந்த அறைக்குள் இருந்துதான் பெரும்பாலான நாட்களில் வேலை செய்தான். தாய்க்கு வருத்தம் கூடியதும், அதே வேலையை ஊரில் இருந்து செய்யலாமா என்று கேட்டான். செய்யலாம் என்றார்கள். வந்து மூன்றாம் மாதம் அந்தக் கடிதம் வந்தது.

கடிதம் மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஊழியரின் நிரந்தர வேலை இடம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாறியிருப்பதால், அந்த இடத்தின் வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப சம்பளம் 15 வீதத்தால் சீராக்கப்படுகிறது. மாத முடிவுக்குள் கையொப்பமிட்டு அனுப்பவும். அவ்வளவுதான்.

"மாமா, இஞ்ச வந்தது பிழையோ?" என்று கேட்டான். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அவனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பிறகு விசாரித்தபோது கோண்டாவில், நெல்லியடி, சாவகச்சேரி என்று இதே நிலையில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் இருப்பது தெரிந்தது. சிலர் ஒன்றும் கேட்காமல் கையொப்பமிட்டுவிட்டார்கள். சிலர் ஊருக்கு வந்ததையே நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

இது எங்கள் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட வழக்கம் அல்ல. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனத்தின் தலைவர் மார்க் சக்கர்பேர்க், தூர இருந்து வேலை செய்பவர்கள் செலவு குறைந்த ஊருக்குப் போனால் அவர்களின் சம்பளம் அந்த ஊருக்கு ஏற்ப மாற்றப்படும் என்று அறிவித்தார். இருக்கும் இடத்தை மறைப்பவர்கள் கடும் விளைவுகளைச் சந்திக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அதே ஆண்டு விஎம்வெயர் என்ற நிறுவனம், சிலிக்கன் பள்ளத்தாக்கிலிருந்து டென்வர் நகருக்குப் போகும் ஊழியருக்கு 18 வீதம் குறைப்பதாக முடிவெடுத்தது. 2021 ஓகஸ்டில் ரொயிட்டர்ஸ் வெளியிட்ட கூகுள் பற்றிய செய்தி, இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது. நியூயோர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஸ்டாம்போர்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே வீட்டிலிருந்து வேலை செய்தால் சம்பளம் 15 வீதம் குறையும். அதே அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் நியூயோர்க் நகருக்குள் தன் வீட்டிலிருந்து வேலை செய்தால் ஒரு சதமும் குறையாது.

ஸ்டாம்போர்ட் மலிவான ஊர் அல்ல. எனவே அங்கே கழிக்கப்பட்டது வாழ்க்கைச் செலவாக இருக்க முடியாது. அப்படியானால் எது?

இதற்கு நேர்மையான பதில், சம்பளக் கணக்கை வெளிப்படையாக இணையத்தில் வைத்திருந்த கிட்லாப் என்ற நிறுவனத்திடம் கிடைக்கிறது. அலுவலகமே இல்லாமல் பல நாடுகளில் ஆட்களை வைத்து நடத்தப்படும் நிறுவனம் அது. சான் பிரான்சிஸ்கோவில் அந்த வேலைக்கு என்ன சம்பளமோ அதை அடிப்படையாக எடுத்து, ஊழியர் இருக்கும் இடத்துக்கான ஒரு எண்ணால் அதைப் பெருக்குவார்கள். அந்த எண்ணைத் தீர்மானிப்பது வாழ்க்கைச் செலவு அல்ல, அந்த இடத்துத் தொழிற்சந்தையின் விலை என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அதாவது உனக்குச் சோறும் வாடகையும் எவ்வளவு முடிகிறது என்பது கணக்கில் இல்லை. உன் ஊரில் உன்னைப் போன்ற ஒருவரை எவ்வளவுக்கு எடுக்கலாம், நீ விலகினால் பக்கத்தில் வேறு யார் உனக்கு எவ்வளவு தருவார் என்பதுதான் கணக்கு.

இந்த இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் பேரம் பேசும்போது இரண்டுக்கும் பெரிய தூரம். மருமகனுக்கு வந்த கடிதத்தில் "வாழ்க்கைச் செலவு" என்று எழுதியிருந்தது. சரி, அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு முதலில் கணக்குப் பார்ப்போம் என்று இருவரும் கொப்பியும் பேனையுமாக இருந்தோம்.

அவனுடைய மாதச் சம்பளம் 300,000 ரூபா. 15 வீதம் வெட்டினால் 255,000. வெட்டு 45,000 ரூபா. ஆனால் கைக்கு வரும் காசில் அவ்வளவு குறையாது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரை வருமான வரி இல்லை. அதற்கு மேலே படிப்படியாக 6, 18, 24 வீதம் என்று ஏறும். 300,000 க்கு அவன் கட்டிய வரி 18,500. 255,000 க்கு வரி 8,900. ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் பங்கு 8 வீதம், அதாவது முன்பு 24,000, இனி 20,400. எல்லாம் கழித்தால் முன்பு கைக்கு வந்தது 257,500. இனி வரப்போவது 225,700. கைக்காசில் இழப்பு 31,800 ரூபா.

இனி மிச்சத்தைப் பார்ப்போம். கொழும்பில் அறை வாடகையில் அவன் பங்கு 35,000. கடைச்சாப்பாடு 42,000. மாதம் ஒரு தரம் ஊர் வந்து போக 8,000. மொத்தம் 85,000. இவை இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வீட்டுச் சாப்பாட்டுச் செலவில் 25,000 கூடியிருக்கிறது. மின்சாரம் நின்றால் வேலை நிற்கக்கூடாது என்று பட்டரியும் இன்வேட்டரும் வாங்கினான். அதன் தவணை 12,000. ஒரு இணைய இணைப்பு விழுந்தால் மாற்றிக்கொள்ள இரண்டாவது இணைப்பு 4,000. மாதம் ஒரு முறை கொழும்பு அலுவலகத்துக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. பஸ்சும் இரண்டு இரவு தங்கலும் சேர்த்து 15,000. மொத்தம் 56,000.

85,000 இலிருந்து 56,000 போனால் ஊருக்கு வந்ததால் அவனுக்கு மிச்சம் 29,000 ரூபா. சம்பள வெட்டால் கைக்காசில் போவது 31,800. வந்த மிச்சம் முழுவதையும் நிறுவனம் எடுத்துக்கொண்டு, மேலே ஒரு 2,800 ரூபாவையும் சேர்த்து எடுத்திருக்கிறது. அதுமட்டுமல்ல, வெட்டப்படும் 45,000 அவன் கொழும்பில் கொடுத்த வாடகையை விடவே 10,000 கூட.

இந்தக் கணக்கில் இன்னும் வராத ஒன்று இருக்கிறது. மாதாமாதம் அவன் வீட்டுக்குக் கொடுக்கும் 60,000. கொழும்பில் இருந்தபோதும் அனுப்பினான், இப்போதும் கொடுக்கிறான். அதில் 38,000 வீட்டுக் கடன். வலிகாமம் வடக்கில் அவர்களின் காணி 1990 இல் கைவிட்டு ஓடியது. விடுவிக்கப்பட்டுப் போய்ப் பார்த்தபோது கிணறும் அத்திவாரத்தின் ஒரு பக்கமும்தான் மிச்சம். கடன் எடுத்துத்தான் வீடு எழும்பியது. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு தொலைபேசியில் சொன்ன ஒரு வசனத்தை மருமகன் திரும்பத் திரும்பச் சொன்னான்: "உங்களுக்கு அங்கே வாடகை இல்லைத்தானே." வாடகை இல்லைத்தான். அந்த வீட்டுக்கு அவர்கள் ஏற்கெனவே இரண்டு தரம் விலை கொடுத்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணம் உண்மையில் கொழும்பை விட எவ்வளவு மலிவு? இதற்குக் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. நிறுவனங்கள் வழக்கமாகக் காட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் இரண்டும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரே இடத்தில் விலை காலத்தோடு எப்படி ஏறுகிறது என்பதைத்தான் அவை அளக்கின்றன. ஒரு ஊருக்கும் மற்ற ஊருக்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்தை அவற்றிலிருந்து எடுக்க முடியாது.

மாவட்ட வாரியாகப் பார்க்கக்கூடிய ஒரு அரசாங்கக் கணக்கு உண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் வறுமைக் கோடு. ஒருவர் குறைந்தபட்சத் தேவைகளோடு ஒரு மாதம் வாழ எவ்வளவு வேண்டும் என்பதை அது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியாகச் சொல்கிறது. அதில் கொழும்பு மிகக் கூடியது, மொனராகலை மிகக் குறைந்தது. நாட்டின் இரண்டு முனைகளான இவற்றுக்கு இடையிலேயே வித்தியாசம் பத்து, பன்னிரண்டு வீதம் அளவில்தான் நிற்கிறது. மற்ற மாவட்டங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில். இது ஏழைக் குடும்பத்தின் கூடை, சம்பளக்காரரின் கூடை அல்ல என்று நிறுவனம் வாதிடலாம். வீட்டு வாடகை வித்தியாசம் இதில் சரியாகத் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் சம்பளக்காரரின் கூடையில் இருக்கும் மற்றவற்றை எண்ணிப் பாருங்கள். மின்கட்டணப் பட்டியல் நாடு முழுவதற்கும் ஒன்று. இணையப் பொதியின் விலை ஒன்று. மடிக்கணினி கொழும்பில் விற்கும் விலையை விட இங்கே மலிவாக விற்றதை நான் கண்டதில்லை. வாடகையைத் தவிர மலிவு என்று சொல்ல மரக்கறியும் மீனும்தான் மிச்சம், அதுவும் பருவத்தைப் பொறுத்தது.

ஆகவே 15 வீதம் என்பது விலைவாசியிலிருந்து வந்த எண் அல்ல. இங்கே நான் முன்பு சொன்ன மற்றக் கணக்குக்கு வருகிறோம், தொழிற்சந்தையின் விலை. யாழ்ப்பாணத்தில் இதே தகைமையும் அனுபவமும் உள்ள ஒருவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுக்கலாம் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அது பொய்யும் அல்ல. ஆனால் ஏன் அப்படி?

தொழில் தருபவர்கள் குறைவான இடத்தில் சம்பளம் குறைவாக இருக்கும். ஒரு ஊரில் ஐம்பது நிறுவனங்கள் ஆள் தேடினால் ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போகலாம். ஐந்துதான் என்றால் கொடுப்பதை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். குடாநாட்டில் தொழில் தருபவர்கள் குறைந்தது இயற்கையாக நடந்தது அல்ல. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. அதன் பிறகு பொருளாதாரத் தடை, 1995 இடப்பெயர்வு, 2006 இல் மீண்டும் மூடப்பட்ட ஏ9 வீதி. ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்ததே 2014 ஒக்டோபரில். தகவல் தொழில்நுட்பத் துறை கொழும்பில் வேர்விட்டு வளர்ந்த அந்த இருபது ஆண்டுகளில் இங்கே மின்சாரமே நேரக் கணக்கில்தான் கிடைத்தது. "யாழ்ப்பாணத்துச் சந்தைச் சம்பளம்" என்று இன்று சொல்லப்படும் எண்ணுக்குள் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. கொழும்பு நிறுவனம் இதைச் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கொழும்பு விலைக்கு விற்கப்படும் அதே வேலையை, போரால் விழுந்த விலைக்கு வாங்குகிறது.

நிறுவனத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்திலேயே எடுக்கப்பட்ட ஒரு பிள்ளை, மருமகனின் அதே வேலையை, குறைந்த சம்பளத்துக்குச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசையில் இருந்துகொண்டு இவனுக்கு மட்டும் கொழும்புச் சம்பளம் என்றால் அவளுக்கு என்ன பதில் சொல்வது? இது உண்மையான சங்கடம். ஆனால் இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு, கூடியவரைக் குறைப்பது ஒன்று, குறைந்தவரைக் கூட்டுவது மற்றொன்று. ரெடிட் நிறுவனம் 2020 ஒக்டோபரில் அமெரிக்காவுக்குள் ஊர் வாரிச் சம்பளத்தையே நீக்கியது. எயார்பிஎன்பி 2022 இல், ஒரு நாட்டுக்குள் எங்கிருந்து வேலை செய்தாலும் ஒரே சம்பள அடுக்கு என்று அறிவித்து, குறைந்த அடுக்கில் இருந்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டியது. நாட்டுக்கு நாடு வித்தியாசத்தை அது தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருமகனின் வழக்கோ ஒரே நாட்டுக்குள் நடப்பது.

இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. அது எங்களுக்கு மிக அருகில், தமிழ்நாட்டில் வேலை செய்யும் இந்திய மத்திய அரசு ஊழியர்களிடம் இருக்கிறது. அங்கே அடிப்படைச் சம்பளம் எந்த ஊரிலும் ஒன்று. வீட்டு வாடகைப் படி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். 2024 ஜனவரி முதல் சென்னை போன்ற பெருநகரில் அடிப்படைச் சம்பளத்தில் 30 வீதம், மதுரை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் 20 வீதம், சிறிய ஊர்களில் 10 வீதம். அடிப்படை 60,000 இந்திய ரூபா என்றால், சென்னையில் வாடகைப் படி 18,000, மதுரைக்கு மாற்றலாகிப் போனால் 12,000. ஊர் மாறியதால் அங்கே வாடகைக்கான பகுதி அசைகிறது, ஆனால் ஓய்வூதியமும் சேமநிதியும் தங்கியிருக்கும் அடிப்படைச் சம்பளம் அசைவதில்லை. எங்கள் நாட்டு அரச சேவையிலும் யாழ்ப்பாண ஆசிரியருக்கும் கொழும்பு ஆசிரியருக்கும் சம்பள அளவு ஒன்றுதான்.

அடிப்படைச் சம்பளத்தில் கை வைப்பது ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருமகனும் கவனிக்கவில்லை. சேமலாப நிதிக்கு அவனிடமிருந்து 8 வீதம், நிறுவனத்திடமிருந்து 12 வீதம், மொத்தம் 20 வீதம் போகிறது. முன்பு மாதம் 60,000, இனி 51,000. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் கட்டும் 3 வீதமும் 9,000 இலிருந்து 7,650 ஆகும். ஒரு வருடத்தில் இரண்டு நிதிகளிலும் சேர்த்து 124,200 ரூபா குறையும்.

பணிக்கொடை இதை விடக் கூர்மையானது. 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். எந்தச் சம்பளம்? கடைசியாகப் பெற்ற சம்பளம். மருமகன் எட்டு வருடமும் கொழும்பில் இருந்து உழைத்தவன். இன்று விலகினால் நான்கு மாதச் சம்பளம், 1,200,000 ரூபா. கடிதத்தில் கையொப்பமிட்டு அடுத்த மாதம் விலகினால் 1,020,000. யாழ்ப்பாணத்தில் அவன் வாழ்ந்தது சில மாதங்கள்தான். ஆனால் கொழும்பில் வாழ்ந்த எட்டு வருடங்களுக்கும் யாழ்ப்பாண விலை போடப்பட்டு 180,000 ரூபா போய்விடும். கடிதத்தை எழுதியவர் இதை யோசித்து எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வாசித்தவனும் யோசிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

இதையெல்லாம் எழுதிய பிறகு, நிறுவனத்திடம் கேட்பதற்கு என்று மூன்று கேள்விகளைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலாவது, யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்ட ஒருவர் நாளை கொழும்புக்குக் குடிபோனால் அவருடைய சம்பளம் இதே விகிதத்தில் தானாகக் கூடுமா? கூடும் என்றால் அது இடத்துக்கு ஏற்ற சம்பளம், பிடிக்காவிட்டாலும் ஒரு விதி என்று ஒப்புக்கொள்ளலாம். கூடாது என்றால் அது வெறும் சம்பள வெட்டு. இதோடு சேர்த்து, பாணந்துறையிலோ கம்பஹாவிலோ சொந்த வீட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்கும் கடிதம் போனதா என்றும் கேட்கலாம். அவர்களுக்கும் வாடகை இல்லைத்தானே. ஸ்டாம்போர்ட் கதை இங்கேயும் அதேதான்.

இரண்டாவது, வெட்டு அடிப்படைச் சம்பளத்திலா, அல்லது தனியான ஒரு கொடுப்பனவிலா? குறைத்தே ஆக வேண்டும் என்றால் அடிப்படையைத் தொடாமல், கொழும்பில் இருப்பதற்கான ஒரு தொகையைப் பிரித்துக் காட்டி அதை நிறுத்தலாம். அல்லது இப்போதைய சம்பளத்தை அப்படியே நிறுத்திவைத்து, யாழ்ப்பாண அளவு ஏறி வரும்வரை உயர்வைக் குறைக்கலாம். பணவீக்கம் மெதுவாக அரிக்கும்தான், ஆனால் பணிக்கொடையின் அடித்தளம் ஒரே நாளில் விழாது.

மூன்றாவது, திரும்பக் கொழும்புக்கு வந்தால் பழைய சம்பளம் கிடைக்குமா? இதை எழுத்தில் வாங்காதவர்கள் ஏமாந்ததைக் கேள்விப்பட்டேன். தாயின் வருத்தம் மாறி, அல்லது அலுவலகத்துக்குத் திரும்பி வா என்று அழைப்பு வந்து, கொழும்புக்குப் போனபோது வாடகை கொழும்பு வாடகை, சம்பளம் மட்டும் யாழ்ப்பாணச் சம்பளம்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒப்புக்கொண்ட சம்பளத்தை ஒரு தரப்பு மட்டும் நினைத்தபடி குறைத்துவிட முடியாது. அதனால்தான் கடிதம் கையொப்பம் கேட்கிறது. கையொப்பமிட்டால் நீங்கள் சம்மதித்ததாக ஆகிவிடும், பிறகு தொழில் திணைக்களத்திடம் போனாலும் அந்தக் காகிதம்தான் முன்னால் நிற்கும். ஆகவே முதலில் நியமனக் கடிதத்தை எடுத்து வேலை இடம் என்ன என்று போட்டிருக்கிறது, இடம் மாறினால் சம்பளம் மாறும் என்று எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். மருமகனின் நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருக்கும் கடிதங்களும் உண்டு, அப்போது நிலைமை வேறு, ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவதே நல்லது. இன்னொரு பொறியையும் கவனியுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல், "ஊரில் இருந்தால் ஒப்பந்தக்காரராக மாறிவிடுங்கள், அதே தொகையைத் தருகிறோம்" என்பார்கள். தொகை அதேதான், ஆனால் நிறுவனம் கட்டும் 12 வீதமும் 3 வீதமும் நின்றுவிடும், அன்றோடு பணிக்கொடைக்கான சேவைக் காலமும் நின்றுவிடும். இது 15 வீத வெட்டுக்குக் குறைந்ததல்ல.

ஊருக்கு வந்ததை மறைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இணைய இணைப்பைப் பார்த்தாலே எங்கே இருக்கிறீர்கள் என்பதை நிறுவனத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ள முடியும். பிடிபட்டால் அது சம்பளப் பிரச்சினையாக இருக்காது, பொய் சொன்ன பிரச்சினையாக மாறும். அங்கே பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

வாழ்க்கைச் செலவு என்ற வாதத்தைப் பற்றி மருமகன் சொன்ன ஒன்றையும் எழுத வேண்டும். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபா அளவில் இருந்து, மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்துக்கு அருகில் போனது. வெளிநாட்டுக்கு வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு டொலருக்கும் முன்பை விட ஏறக்குறைய எண்பது வீதம் கூட ரூபா கிடைத்தது. சில நிறுவனங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியை டொலரோடு கட்டி ஊழியர்களைக் காப்பாற்றின. இவனுடைய நிறுவனம் அந்த வருடம் கொடுத்த உயர்வு 20 வீதம். "அப்ப வாழ்க்கைச் செலவுக்குச் சம்பளம் இல்லை, வேலைக்குத்தான் சம்பளம் எண்டு சொன்னவை மாமா" என்றான்.

மூன்று கேள்விகளையும் அவன் மின்னஞ்சலில் அனுப்பினான். கோபமாக ஒரு வரியும் இல்லை, கொப்பியில் போட்ட கணக்கை மட்டும் இணைத்திருந்தான். ஒரு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் விடுவது பற்றி நிதிப் பிரிவோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பஹா, பாணந்துறை பற்றிய கேள்விக்கு, கொள்கை மீளாய்வில் இருப்பதாகப் பதில். திரும்பி வந்தால் பழைய சம்பளமா என்பதற்கு, அந்த நேரத்து நிலைமையைப் பொறுத்து முடிவெடுக்கப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். அதை எழுத்தில் ஒரு விகிதமாகத் தரும்படி மறுபடி கேட்டிருக்கிறான். மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கடிதம் கையொப்பமில்லாமல் என் மேசையில்தான் கிடக்கிறது.